மார்க்கெட்டுக்குப் போகும் முன் கையில் எவ்வளவு? தனியாளாகச் சம்பளத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். சம்பளச் சீட்டு வாங்க வரும் பிள்ளைகள் அடுத்த மூச்சிலேயே எஸ்.ஐ.பி. எதில் போடலாம் என்று கேட்பார்கள், கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டால் அங்கிருந்து சந்தேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கல்யாணம் ஆகாமல், மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கான கணக்கு இது. கடை, படகு, ரப்பர் என்று வருமானம் ஏறி இறங்கும் ஆட்களுக்கு இது பொருந்தாது.

எமர்ஜென்சி பைசான்னு தனியா எதுக்கு? அக்கவுண்ட்ல கிடக்குறதே போதாதா?

சம்பளம் வரும் கணக்கில் கிடக்கும் பணம் செலவாகும் பணம். இருபதாம் தேதிக்கு மேல் அதில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்லும் பணம் இரண்டே காரியத்துக்கு: சம்பளம் நின்றுபோனால் வாழ, அல்லது எதிர்பாராத ஒரு பெரிய செலவு வந்தால் கொடுக்க.

பைக் இன்சூரன்ஸ், ஊர்க்கோயில் கொடை வரி, கிறிஸ்துமஸ் துணிமணி, நண்பன் கல்யாண மொய் எல்லாம் இதில் சேராது. அவை எந்த மாதம் வரும் என்று முன்பே தெரியும். வருஷத்துக்கு அவை எவ்வளவு ஆகிறது என்று கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, தனியாக ஒரு ஆர்.டி. போட்டுவிடுங்கள். இதைப் பிரிக்காதவர்களின் எமர்ஜென்சி பணம் பெரும்பாலும் கல்யாண சீசனில்தான் கரைகிறது.

ஷேர்லயோ ஃபண்டுலயோ போட்டு வச்சா, தேவைப்படும்போது வித்துக்கலாமே?

விற்கலாம், என்ன விலைக்கு என்பதுதான் சிக்கல். 2020 ஜனவரி நடுவில் நிஃப்டி 12,300-க்கு மேல் இருந்தது, மார்ச் 23 அன்று 7,610-க்கு வந்தது. அதாவது இரண்டே மாதத்தில் நூறு ரூபாய் 62 ரூபாய் ஆனது. அதையொட்டிய வாரங்களில்தான் பல கம்பெனிகள் சம்பளத்தைப் பாதியாக்கின, ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவை அல்ல. வியாபாரம் படுத்தால் பங்கு விலையும் படுக்கும், உங்கள் வேலையும் ஆடும், காரணம் ஒன்றுதான். ஆக, உங்களுக்குப் பணம் தேவைப்படும் நாளும் உங்கள் ஃபண்டு மோசமாக இருக்கும் நாளும் ஒரே நாளாக அமைய நல்ல வாய்ப்பு உண்டு.

அந்த மார்ச்சில் விற்காமல் இருந்தவர்களுக்கு அந்த வருஷம் முடிவதற்குள் விலை திரும்பி வந்துவிட்டது. விற்காமல் இருக்க முடிந்தது யாரால்? சாப்பாட்டுக்கு வேறு பணம் இருந்தவர்களால். அந்த வேறு பணம் எவ்வளவு என்பதுதான் இனி வரும் கேள்விகள்.

ஆறு மாசச் சம்பளம் வேணும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. அது சரியா?

மாதம் என்பது சரி, சம்பளம் என்பது சரியில்லை. வேலை போனால் நீங்கள் பழைய சம்பளத்தை மாதாமாதம் யாருக்கும் கட்டப்போவதில்லை, நிறுத்த முடியாத செலவுகளைத்தான் கட்டப்போகிறீர்கள். 38,000 வாங்கி 18,000-ல் வாழ்கிறவரும், அதே 38,000 வாங்கி வீட்டுக்கும் அனுப்பி வண்டிக் கடனும் கட்டுகிறவரும் ஒரே தொகை வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆறு என்ற எண்ணும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கடைசிச் சம்பளம் வந்த நாளிலிருந்து அடுத்த வேலையின் முதல் சம்பளம் வரும் நாள் வரை எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். ஆஃபர் கடிதம் வரும் நாளோடு எண்ணிக்கையை முடித்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மூன்றாவது மாதம் ஆஃபர் வந்தால் நான்காவது மாதம் சேருவீர்கள், சம்பளம் அந்த மாதக் கடைசியிலோ அடுத்த மாதத் தொடக்கத்திலோதான் வரும். அதற்குள் புது ஊரில் அறைக்கு அட்வான்ஸ் வேறு கேட்பார்கள்.

என் வேலைக்கு எத்தனை மாசம்னு எப்படித் தெரியும்?

உங்கள் தொழிலில் சமீபத்தில் வேலை மாறிய இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். தானாக மாறியவர்களைவிட, கையில் அடுத்த வேலை இல்லாமல் வெளியே வந்தவர்கள் சொல்வதுதான் உங்களுக்குப் பயன்படும். நம் மாவட்டத்தில் அலுவலக வேலை என்றால் நாகர்கோவிலை விட்டால் மார்த்தாண்டம், தக்கலை, அவ்வளவுதான், அடுத்தது திருவனந்தபுரம் அல்லது சென்னை, பெங்களூர். ஊர் மாறத் தயாராக இருப்பவருக்கு நான்கைந்து மாதம் போதும். அம்மா அப்பாவைப் பார்க்க ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்பவர் இன்னும் இரண்டு மூன்று மாதம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அனுபவமுள்ள நர்ஸுக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும், மூன்று மாதம் போதும் என்பேன். தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் கதை நேர்மாறு. ஆள் எடுப்பது பெரும்பாலும் கல்வியாண்டு தொடங்கும்போதுதான், ஆகஸ்டில் வேலை போனால் அடுத்த ஜூன் வரை டியூஷன்தான் வழி. டியூஷனில் வருவதைக் கழித்தும் அவருக்கு எட்டு மாதம் என்று நான் சொன்னால் மிரள்கிறார்கள், ஆனால் காலண்டர் அப்படித்தான் இருக்கிறது.

நோட்டீஸ் காலச் சம்பளம், கணக்கு முடித்து வரும் பணம், பி.எஃப். இவற்றை இந்த மாதங்களுக்குள் எண்ண வேண்டாம். வரவேண்டியவைதான், ஆனால் தேதி உங்கள் கையில் இல்லை. பி.எஃப். கணக்கில் ஆதாரில் இருப்பதுபோல் பெயர் இல்லாமல் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட விண்ணப்பம் திரும்பிவிடும், அதைத் திருத்த நீங்கள் விட்டுவந்த கம்பெனியிடமே போய் நிற்க வேண்டியிருக்கலாம்.

ஒரு ஆளோட கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன், அப்பதான் புரியும்.

சரி, எங்கள் அலுவலகத்தில் நான் அடிக்கடி பார்க்கும் மாதிரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 27, கைக்கு வருவது 38,000. வீடு குலசேகரம் பக்கம், நாகர்கோவிலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அறை வாடகையும் கரண்டும் 5,500, சாப்பாடு 6,000, பெட்ரோல் 2,500, போன் 400, வீட்டுக்கு 8,000, வண்டித் தவணை 3,200, அம்மா மருந்து 1,800, இன்சூரன்ஸ் பிரீமியத்தை மாதமாகப் பிரித்தால் 1,000, வெளிச்செலவு 3,000. மொத்தம் 31,400, மிச்சம் 6,600.

வேலை போனால் வெளிச்செலவு 3,000 நிற்கும். சாப்பாட்டிலும் பெட்ரோலிலும் தலா ஆயிரம் குறையும். நிறுத்த முடியாதது 26,400. முதல் இரண்டு மாதம் அறையிலேயே இருந்து இங்கேயே வேலை தேடுவார் என்று வைப்போம், 52,800. அதற்குள் கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தனியாளாக இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எதுவும் கட்டிப்போடாது. வீட்டில் இருக்கும்போது வாடகையும் தனிச் சாப்பாடும் போய்விடும், இன்டர்வியூவுக்குப் போய்வர 2,000, போன், வீட்டுச் செலவுக்கு அதே 8,000, தவணை, மருந்து, பிரீமியம் எல்லாம் சேர்த்து 16,400. மூன்று மாதத்துக்கு 49,200. ஐந்து மாதமும் சேர்த்து 1,02,000.

இதன்மேல் ஒரு பெரிய அடி. வேலை போன காலத்திலேயே அப்பாவுக்கு நெஞ்சுவலி வரலாம், ராத்திரி திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் முன்பணம், கூட இருப்பவர் செலவு. அதற்கு 40,000 வைத்தேன். இது சிகிச்சையின் முழுச் செலவு இல்லை, இன்சூரன்ஸ் பேசி முடிக்கும் வரை தாக்குப்பிடிக்க. ஆக 1,42,000, புது ஊரில் அறைக்கான அட்வான்ஸையும் நினைத்து 1,50,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதச் சம்பளம் என்று போயிருந்தால் 2,28,000. மாதம் 6,600 மிஞ்சுகிறவருக்கு அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு வருஷ உழைப்பு.

எனக்கு அரசாங்க வேலை. வீட்டுக்கும் ஒண்ணும் அனுப்ப வேண்டாம். எனக்கும் இவ்வளவு வேணுமா?

வேண்டாம். நிரந்தர அரசு வேலை என்றால் மேலே சொன்ன ஐந்து மாதத்தில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு மாதச் செலவும், அந்த ஒரு பெரிய அடிக்கான தொகையும் போதும். அவுட்சோர்சிங்கிலோ ஒப்பந்தத்திலோ அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒப்பந்தம் முடியும் தேதி தெரிந்திருப்பதால் தனியார் ஆளைவிட ஒருபடி கூடுதலாகவே வைக்க வேண்டும்.

கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கே, ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியா எதுக்கு?

வேலை போகும் நாளோடு பெரும்பாலும் அந்தக் காப்பீடும் போய்விடும். அன்றைக்குப் போய்ப் புது பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் கிடைக்காது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருஷம் வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள். நம் எடுத்துக்காட்டு ஆளின் மாதக் கணக்கில் 1,000 ரூபாய் இருந்தது அதற்குத்தான். அது இல்லையென்றால் 40,000 என்ற தொகைக்கு அர்த்தமில்லை. எவ்வளவு வைத்தாலும் பெரிய ஆபரேஷனுக்குக் காணாது.

சரி, ஒன்றரை லட்சத்தை எங்க வைக்கிறது?

நான் சொல்வது: 30,000 சேமிப்புக் கணக்கில், சம்பளம் வரும் வங்கியில் இல்லாமல் வேறொன்றில். மீதி 1,20,000-ஐ 40,000 வீதம் மூன்று எஃப்.டி. ஒரே எஃப்.டி.யாகப் போட்டால் 20,000 தேவைப்பட்டாலும் முழுவதையும் உடைக்க நேரும். இடையில் உடைத்தால் வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள், 40,000-க்கு ஆறு மாதத்துக்கு அது 200 ரூபாய். இதற்குப் பயந்து யாரும் எஃப்.டி.யை விட வேண்டாம்.

செயலி வழியாகப் போட்ட எஃப்.டி.யை பெரும்பாலும் எந்த நேரமும் உடைக்கலாம். கிளையில் போய்க் காகித ரசீது வாங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அது உதவாது. முதலில் ஒரு சின்னத் தொகைக்கு எஃப்.டி. போட்டு உடைத்துப் பார்த்துவிடுங்கள், எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும்.

வீட்டில் ஐயாயிரம் ரொக்கமாக, நூறும் இருநூறுமாக. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது இங்கே பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் ஏ.டி.எம். இல்லை, டவர் இல்லை, போனில் ஸ்கேன் செய்வதும் இல்லை.

எங்க ஊர் சங்கத்துல, ஃபைனான்ஸ்ல வட்டி கூடுதலாத் தாறாங்களே? சீட்டும் போட்டிருக்கேன்.

வங்கி மூழ்கினால் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கூட்டுறவு வங்கிக்கும் சேர்த்துத்தான். ஊரிலுள்ள தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துக்கும், தனியார் ஃபைனான்ஸுக்கும், நிதி கம்பெனிக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. 2017-ல் கேரள எல்லையோரம் ஒரு நிதி நிறுவனம் கதவைச் சாத்தியபோது யார் யார் வாசலில் நின்றார்கள் என்று நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை லட்சத்துக்கு மூன்று சதவீதம் கூடுதல் என்றால் வருஷத்துக்கு 4,500 ரூபாய். அதற்காக இந்தப் பணத்தை அங்கே வைக்க மாட்டேன்.

சீட்டு சேர்க்க நல்ல வழி, எமர்ஜென்சிக்குச் சரிவராது. அவசரத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் சீட்டுத் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளி ஏலம் கேட்க வேண்டும், எடுத்த பிறகும் தவணை நிற்காது, அதுவும் சம்பளம் இல்லாத மாதங்களில். போஸ்ட் ஆபீஸும் பத்திரமானதுதான், ஆனால் அங்கே டைம் டெபாசிட்டை ஆறு மாதத்துக்கு முன் தொட முடியாது, ஆர்.டி.யை மூன்று வருஷத்துக்கு முன் மூட முடியாது.

லிக்விட் ஃபண்டும் எஃப்.டி. மாதிரிதானே?

கிட்டத்தட்ட. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டு அது. விற்றால் பணம் அடுத்த வேலைநாளில் வரும். வெள்ளி சாயங்காலம் விற்றால் செவ்வாய்க்கிழமைகூட ஆகலாம். உடனடியாக எடுக்கும் வசதி உள்ள ஃபண்டுகளில் ஒரு நாளைக்கு 50,000 அல்லது உங்கள் தொகையில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவரை எடுக்கலாம். கடைசி 40,000-ஐ அங்கே வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் லிக்விட் என்று பெயரிலேயே இருக்க வேண்டும், இன்னும் ஒரு சதவீதம் கூட வருகிறது என்று வேறு கடன் ஃபண்டுக்குத் தாவ வேண்டாம். 2020 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் அப்படிப்பட்ட ஆறு ஃபண்டுகளை ஒரே நாளில் முடக்கியது, போட்டவர்களுக்குப் பணம் தவணை தவணையாகத்தான் வந்தது.

ரெண்டு லட்சம் லிமிட்ல கிரெடிட் கார்டு இருக்கு, அம்மா நகையும் இருக்கு. இதெல்லாம் எமர்ஜென்சி இல்லையா?

கார்டு முதல் இரண்டு நாளுக்கு நல்லது. ராத்திரி ஆஸ்பத்திரியில் தேய்த்துவிட்டு, மறுநாள் எஃப்.டி.யை உடைத்துக் கட்டிவிடலாம். கட்டப் பணம் இல்லாமல் தேய்த்தால் மாதம் மூன்று மூன்றரை சதவீதம் வட்டி ஓடும், ரொக்கமாக எடுத்தால் அன்றிலிருந்தே ஓடும்.

நகையை நான் மதிக்கிறேன். நம் ஊரில் அரைமணி நேரத்தில் அடகு வைத்துவிடலாம், தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. ஆனால் அதுவும் கடன்தான், வருமானம் இல்லாதபோது வட்டி ஏறும் கடன். ஐந்து மாதப் பணம் தீர்ந்த பிறகு ஆறாவது, ஏழாவது மாதத்துக்கு என்று அதை நிறுத்துங்கள். நகை இருக்கிறது என்பதால் எட்டு மாதம் தேவைப்படுகிறவர் ஆறில் நிறுத்தலாம், அவ்வளவு சலுகை தரலாம். அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாசம் 6,600 வச்சு ஒன்றரை லட்சம் சேர்க்க ரெண்டு வருஷம் ஆகும். அதுவரை ஒரு ரூபாகூட முதலீடு பண்ணக் கூடாதா?

கடுமையாகச் சொன்னால் ஆமாம். நான் கொஞ்சம் தளர்த்திச் சொல்கிறேன். மேலே போட்ட கணக்கில் முதல் இரண்டு மாதத்துக்கான 52,800-ம் பெரிய அடிக்கான 40,000-ம் சேர்ந்து 92,800. அதுவரை மார்க்கெட் பக்கம் போகவே வேண்டாம், மாதம் 6,600 வீதம் பதினாலு மாதம், போனஸ் வந்தால் இன்னும் சீக்கிரம். அதன்பிறகு 4,600 இங்கே, 2,000 இன்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. என்று பிரிக்கலாம், மிச்சம் 57,000 சுமார் ஒரு வருஷத்தில் நிரம்பிவிடும். அந்த ஒரு வருஷத்துக்குள் வேலை போனாலும் முதல் அடியைத் தாங்க முடியும் என்பதால்தான் இந்தத் தளர்வு.

இன்னொன்று, நீங்கள் நினைப்பதுபோல் அதுவரை முதலீடே இல்லாமல் இல்லை. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நான் ஏற்கெனவே எஸ்.ஐ.பி. ஆரம்பிச்சுட்டேன், கையில ஒண்ணும் இல்ல. நிறுத்தணுமா, விக்கணுமா?

எஸ்.ஐ.பி.யை நிறுத்தி வையுங்கள், அந்தத் தொகையை அப்படியே எஃப்.டி. பக்கம் திருப்புங்கள். சம்பளம் நின்ற மாதத்தில் எஸ்.ஐ.பி. தவணைக்குக் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி ஒவ்வொரு தடவையும் அபராதம் பிடிக்கும், அது தனி.

விற்பதைப் பொறுத்தவரை, போட்டு ஒரு வருஷம் தாண்டிய யூனிட்டுகள் லாபத்தில் இருந்தால் 40,000 அளவுக்கு எடுத்துவிடலாம் என்பேன். வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை. ஒரு வருஷத்துக்குள் என்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி, பல ஃபண்டுகளில் ஒரு சதவீதம் வெளியேறும் கட்டணமும் உண்டு, அதைக் கொஞ்சம் பொறுக்கலாம். வரிச் சலுகைக்காகப் போட்ட இ.எல்.எஸ்.எஸ். என்றால் மூன்று வருஷம் பூட்டு, அதை இந்தக் கணக்கில் நினைக்கவே வேண்டாம்.

இப்ப மார்க்கெட் நல்லா விழுந்திருக்கு. எமர்ஜென்சி பைசால பாதியைப் போட்டுட்டு அப்புறம் நிரப்பிக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கான பதிலை இன்னொரு தடவை படியுங்கள். மார்க்கெட் விழுந்திருக்கும் நேரம்தான் உங்கள் வேலைக்கும் ஆபத்தான நேரம், பணத்தை எடுக்க வேண்டிய நாளில் அதைக் கொண்டுபோய் உள்ளே போடுவதாகிவிடும். மலிவாக வாங்க ஆசை என்றால் அதற்கென்று இந்த ஒன்றரை லட்சத்துக்கு வெளியே தனியாகச் சேர்த்து வையுங்கள்.

நானே ஆஸ்பத்திரியில மயங்கிக் கிடந்தா இந்தப் பைசாவை யார் எடுப்பாங்க?

தனியாளிடம் நான் எதிர்பார்க்கும் கேள்வி இது, கேட்பவர்கள்தான் குறைவு. நாமினி போட்டிருக்கிறேன் என்பார்கள். நாமினிக்கு உங்கள் மரணத்துக்குப் பிறகுதான் பணம் போகும், நீங்கள் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது அவரால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

அந்த 30,000 உள்ள சேமிப்புக் கணக்கை அக்காவோடோ அப்பாவோடோ கூட்டுக் கணக்காக, இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் திறந்து, இன்னொரு ஏ.டி.எம். கார்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எஃப்.டி.யைக் கூட்டாகப் போட்டு இதைச் சாதிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முதிர்வுக்கு முன் உடைக்க இரண்டு பேர் கையெழுத்தும் கேட்கும் வங்கிகள் உண்டு. கணக்குத் திறக்கும்போதே கிளையில் இதைக் கேட்டு, படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பிக் கார்டு கொடுக்க ஆள் இல்லை என்றால் கம்பெனி இன்சூரன்ஸ் அட்டையின் நகலும் சொந்தப் பாலிசி எண்ணும் அறையில் உடனிருப்பவரிடமாவது இருக்கட்டும், காகிதம் கையில் இருந்தால் ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் கேட்கும் வேலையை அவர்களே தொடங்கிவிடுவார்கள்.